தலைப்பை மாற்றிப் பார்த்தல்: சேர்ச் கொன்சோலில் இம்ப்ரெஷனையும் சராசரி நிலையையும் சேர்த்துப் படிக்கும் முறை

நல்லதண்ணியில் என் அக்கா நடத்தும் நான்கு அறைத் தங்குமிடத்துக்காக ஒரு சிறிய இணையத்தளத்தைப் பராமரித்து வருகிறேன். அதில் அதிகம் வாசிக்கப்படும் பக்கம், ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாகச் சிவனொளிபாதமலைக்குப் போவது எப்படி என்பதைப் பற்றியது. 2025 பெப்ரவரியில் அந்தப் பக்கத்தின் தலைப்பை, அதாவது தேடல் முடிவில் தெரிவதற்காகக் கொடுக்கும் வரியை, மாற்றினேன். ஒரு தளம் கூகிள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் சேர்ச் கொன்சோலை மார்ச் கடைசியில் திறந்தபோது, தேடல் முடிவுகளில் பக்கம் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்பதன் சராசரி நிலை 5 இலிருந்து 16க்கு இறங்கியிருந்தது, தெரிந்த தடவைகளில் எத்தனை வீதம் கிளிக் ஆனது என்ற கிளிக் விகிதமும் குறைந்திருந்தது. பதறிப்போய்ப் பழைய தலைப்பையே திரும்பப் போட உட்கார்ந்தேன். போடுவதற்கு முன் தேடற்சொற்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்ததால்தான், புதிய தலைப்பு உண்மையில் நன்றாக வேலை செய்கிறது என்பது தெரியவந்தது. அந்த இரண்டு நாள் குழப்பத்தை நீங்களும் அனுபவிக்க வேண்டியதில்லை என்பதற்காக, நான் செய்ததை வரிசைப்படி எழுதுகிறேன்.

1. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, உங்கள் இணையத்தளத்தின் சேர்ச் கொன்சோல் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். எங்கள் தளத்தைக் கட்டிக் கொடுத்தவர் அதைத் தன்னுடைய மின்னஞ்சலிலேயே உறுதிப்படுத்தி வைத்திருந்தார். அவரைத் தொலைபேசியில் பிடித்து அனுமதி வாங்குவதற்குள் ஒரு மாதம் போய்விட்டது. உங்கள் நிலையும் இதுவானால், `Settings` பகுதியில் உள்ள `Users and permissions` மூலம் உங்களை `Owner` ஆகவோ `Full` பயனராகவோ சேர்த்துவிடும்படி கேளுங்கள். `Restricted` என்று சேர்த்தால் தரவைப் பார்க்கலாம், ஆனால் பின்னர் தேவைப்படும் மறுவாசிப்புக் கோரிக்கையை அனுப்ப முடியாது. யாருமே உறுதிப்படுத்தாத தளமானால், டொமைன் வாங்கிய இடத்தின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தேவை. கூகிள் தரும் ஒரு வரியை டிஎன்எஸ் பதிவில் சேர்த்தால் உறுதிப்படுத்தல் முடிந்துவிடும்.

செலவைப் பொறுத்தவரை, சேர்ச் கொன்சோலும் கணக்கிடப் பயன்படும் கூகிள் ஷீட்ஸும் இலவசம். இந்த வேலைக்குக் கட்டண மென்பொருள் எதுவும் தேவைப்படவில்லை. செலவாவது காலம்தான். மாற்றத்துக்கு முந்தைய 28 நாட்களின் தரவு ஏற்கெனவே சேமிப்பில் இருக்கும், ஏனெனில் சேர்ச் கொன்சோல் 16 மாதத் தரவை வைத்திருக்கிறது. மாற்றிய பிறகு கூகிள் புதிய தலைப்பை எடுத்துக்கொள்ள ஏறக்குறைய ஒரு வாரம், அதன்பின் 28 நாள், கடைசி நாட்களின் எண்கள் முழுமையாக மூன்று நாள் என்று கணக்கு வைத்தால், ஒரு தலைப்புக்கு ஐந்தரை வாரம் ஆகிறது.

இரண்டாவது, ஒரு கொப்பி. எந்த நாளில் எந்தத் தலைப்பு இருந்தது என்ற விவரத்தைச் சேர்ச் கொன்சோல் சேமித்து வைப்பதில்லை. அதில் தலைப்புக்கென்று ஒரு நிரலே கிடையாது. நீங்கள் எழுதி வைக்காவிட்டால், இரண்டு மாதம் கழித்து வரைபடத்தில் தெரியும் மேடு எதனால் வந்தது என்று உங்களுக்கே தெரியாது. பழைய தலைப்பை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதி, மாற்றிய திகதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. எந்தப் பக்கத்தில் சோதிப்பது

முகப்புப் பக்கத்தைத் தெரிவு செய்யாதீர்கள். தங்குமிடமோ கடையோ நடத்துபவர்களின் முகப்புப் பக்கம் பெரும்பாலும் கூகிள் வரைபடத்தில் உள்ள வணிகப் பதிவோடு இணைக்கப்பட்டிருக்கும். இம்ப்ரெஷன் என்பது தேடல் முடிவில் தெரிந்த தடவைகளின் எண்ணிக்கை; அந்தப் பதிவு தெரியும்போது அதிலுள்ள இணைய முகவரிக்கும் அது சேர்கிறது. ஆனால் அங்கே உங்கள் தலைப்பை யாரும் பார்ப்பதில்லை, கடையின் பெயரைத்தான் பார்க்கிறார்கள். தலைப்போடு தொடர்பில்லாத எண்கள் சோதனைக்குள் கலந்துவிடும்.

தெரிவு செய்யும் பக்கத்துக்கு 28 நாளில் குறைந்தது ஐம்பது, அறுபது கிளிக்காவது வந்திருக்க வேண்டும். அதற்குக் குறைவானால், வந்த மாற்றம் தலைப்பால் வந்ததா தற்செயலா என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட பக்கத்துக்கு 56 நாள் காலத்தை எடுத்துக்கொள்ளலாம்.

இதோடு ஒரு துணைப் பக்கத்தையும் தெரிவு செய்யுங்கள். துணைப் பக்கம் என்று நான் சொல்வது, அதே மாதிரியான வாசகர்கள் அதே பருவத்தில் தேடி வரும், ஆனால் நீங்கள் கை வைக்கப் போகாத ஒரு பக்கம். என்னுடைய சோதனையில், மலையேறுபவர்கள் எடுத்துச்செல்ல வேண்டிய பொருட்களைப் பற்றிய பக்கம் அந்த வேலையைச் செய்தது. சோதனைப் பக்கத்தில் இம்ப்ரெஷன் முப்பது வீதம் கூடி, தொடாத பக்கத்திலும் அதே முப்பது வீதம் கூடியிருந்தால், கூட்டியது யாத்திரைக் காலம்தான். தளத்தில் அதிகம் வாசிக்கப்படும் இன்னொரு பக்கம் என்பதற்காக மட்டும் துணைப் பக்கத்தைத் தெரிவு செய்தால் ஏமாறுவீர்கள். எல்ல ரயில் பயணத்தைப் பற்றிய பக்கம் என் தளத்தில் இருக்கிறது, அதற்கு வருபவர்கள் வேறு, அவர்களின் பருவமும் வேறு.

3. நாட்களைத் தெரிவு செய்வது

காலம் ஏழின் மடங்காக இருக்க வேண்டும். வார இறுதியில் தேடுபவர்களும் வார நாளில் தேடுபவர்களும் ஒரே மாதிரியானவர்கள் அல்ல. 30 நாளை 30 நாளோடு ஒப்பிட்டால் ஒரு பக்கத்தில் ஐந்து சனிக்கிழமையும் மறுபக்கத்தில் நான்கும் விழும்.

நம் நாட்டில் இதற்கு மேல் போயா தினத்தையும் எண்ண வேண்டும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி இருபத்தொன்பதரை நாள் என்பதால், 28 நாள் காலத்துக்குள் வழக்கமாக ஒரு போயா விழும், சில வேளை ஒன்றுமே விழாது. சிவனொளிபாதமலை, விகாரை, நீண்ட விடுமுறைப் பயணம் போன்றவற்றைப் பற்றிய பக்கங்களுக்கு இந்த ஒரு நாள் பெரிய வித்தியாசம். நான் எடுத்த முதற்காலம் 2025 ஜனவரி 20 திங்கள் முதல் பெப்ரவரி 16 ஞாயிறு வரை; அதில் பெப்ரவரி 12 போயா இருந்தது. இரண்டாவது காலம் பெப்ரவரி 24 திங்கள் முதல் மார்ச் 23 ஞாயிறு வரை; அதில் மார்ச் 13 போயா இருந்தது. இடையிலிருந்த ஏழு நாளைக் கணக்கில் சேர்க்கவில்லை, ஏனெனில் அந்த வாரத்தில் சிலருக்குப் பழைய தலைப்பும் சிலருக்குப் புதியதும் தெரிந்திருக்கும். இரண்டாவது காலத்துக்குள் பெப்ரவரி 26 மகா சிவராத்திரியும் வந்தது. அது எண்களைக் கலக்கியிருக்குமோ என்று துணைப் பக்கத்தின் அந்த நாளைப் பார்த்தேன், கலக்கவில்லை.

யாத்திரைக் காலம் டிசம்பரில் உந்துவப் போயாவோடு தொடங்கி மே மாதத்தில் வெசாக் போயாவோடு முடிகிறது. இந்த இரண்டு எல்லைகளையும் கடக்கும் எந்த ஒப்பீடும் செல்லாது. நுவரெலியாவில் விடுதி வைத்திருப்பவர்களுக்கு ஏப்ரல் வசந்த காலம் அப்படிப்பட்ட எல்லையாக இருக்கும்.

சேர்ச் கொன்சோலின் நாள் நம்முடைய நாள் அல்ல என்பதையும் கவனியுங்கள். நாள்வாரித் தரவு கலிபோர்னியா நேரப்படி பிரிக்கப்படுவதால், அங்கே ஒரு நாள் தொடங்கும்போது இங்கே பிற்பகல் ஒன்றரை மணி, அவர்களின் கோடைகால நேரத்தில் பன்னிரண்டரை மணி. போயா அன்று காலையில் தேடியவர்கள் முதல் நாளின் கணக்கில் விழுந்திருப்பார்கள். 28 நாள் கூட்டுத்தொகையில் இது பெரிதாகத் தெரியாது. ஒரே ஒரு நாளை எடுத்து ஆராயும்போதுதான் தவறாகப் படிக்க நேரும்.

4. மாற்றுவதும், கூகிள் அதை ஏற்றுக்கொண்டதா என்று பார்ப்பதும்

பழைய தலைப்பு இது:

```html
<title>சிவனொளிபாதமலைப் பயணம்</title>
```

புதியது இது:

```html
<title>ஹட்டனிலிருந்து சிவனொளிபாதமலை: பஸ், நடை நேரம், தங்குமிடம்</title>
```

தலைப்பை மட்டும் மாற்றுங்கள். அதே நாளில் படத்தையும் மாற்றி, இரண்டு பந்தியும் சேர்த்துவிட்டால், வந்த பலனை எதன் கணக்கில் எழுதுவது? வேர்ட்பிரஸ் போன்றவற்றில் செருகுநிரல்கள் தாமாகவே தளத்தின் பெயரைத் தலைப்பின் முடிவில் ஒட்டிவிடும். ஆகவே சேமித்த பிறகு பக்கத்தின் மூலக் குறியீட்டைத் திறந்து `<title>` வரியைக் கண்ணால் பாருங்கள். தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால் நீளமான தலைப்பு கைத்தொலைபேசித் திரையில் விரைவில் வெட்டுப்படும். முக்கியமான சொல்லை முதலில் வையுங்கள்.

அடுத்து, பக்கத்தின் முகவரியை `URL Inspection` இல் இட்டு `Request indexing` அழுத்துங்கள். இதற்கு நாளாந்த வரம்பு உண்டு, திரும்பத் திரும்ப அழுத்துவதால் வேகமும் கூடாது. இரண்டு, மூன்று நாள் கழித்து அதே இடத்தில் `View crawled page` ஐத் திறந்து, கூகிள் கடைசியாக வாசித்த பிரதியில் புதிய தலைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

அது இருந்தாலும் வேலை முடியவில்லை. கூகிள் வாசித்த தலைப்பும், தேடுபவருக்குக் காட்டும் தலைப்பும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பக்கத்தின் பெரிய தலைப்பு, பிற பக்கங்களிலிருந்து வரும் இணைப்புச் சொற்கள் போன்றவற்றிலிருந்து கூகிள் வேறொரு தலைப்பை அமைத்துக் காட்டலாம். ஆகவே உங்கள் முக்கியமான தேடற்சொல்லை ஒரு தடவை தேடி, திரையில் உண்மையில் தெரிவதைப் படமெடுத்துக் கொப்பியோடு வையுங்கள். கூகிள் வேறொன்றைக் காட்டினால் நீங்கள் சோதிப்பது உங்கள் தலைப்பை அல்ல. பக்கத்தின் உள்ளே பெரிய தலைப்பாக உள்ள `<h1>` உம் புதிய தலைப்பும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

"ஒரு தடவை" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நீங்கள் தேடுவதும் இம்ப்ரெஷனாகவே பதிவாகும். எங்கள் வீட்டில் புதிய தலைப்பு வந்துவிட்டதா என்று பார்க்க நானும் அக்காவும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் காலையும் மாலையும் தேடினோம், யாரும் கிளிக் செய்யவில்லை. சிறிய பக்கத்தில் இதுவே கிளிக் விகிதத்தைக் குறைத்துக் காட்டப் போதும்.

5. தரவை எடுப்பது

`Performance` அறிக்கையில் முதலில் `Page` வடிகட்டியை வைத்து, சோதனைப் பக்கத்தின் முகவரியை `Exact URL` ஆகக் கொடுங்கள். இந்த ஒழுங்கு முக்கியம். வடிகட்டி இல்லாமல் தேடற்சொற்களைப் பார்த்தால், ஒரே தேடலில் உங்கள் இரண்டு பக்கங்கள் தெரிந்தபோது மேலே இருந்த பக்கத்தின் நிலை மட்டும் தளத்தின் நிலையாக எடுக்கப்படும்; அது சோதனைப் பக்கத்தின் நிலையாக இராது.

பிறகு நான்கு பெட்டிகளையும் இயக்குங்கள்: கிளிக், இம்ப்ரெஷன், கிளிக் விகிதம், சராசரி நிலை. `Compare` வசதியைத் திரையில் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். கணக்கிடுவதற்கு ஒவ்வொரு காலத்தையும் தனித்தனியாக `Export` மூலம் கூகிள் ஷீட்ஸுக்கு அனுப்புவது எளிது. அதில் தேடற்சொல் A நிரலிலும், கிளிக் B யிலும், இம்ப்ரெஷன் C யிலும், நிலை E யிலும் வரும்.

F நிரலை நீங்களே நிரப்ப வேண்டும். ஒவ்வொரு தேடற்சொல்லுக்கும் அதைத் தேடியவரின் நோக்கத்தை ஒரு சொல்லில் எழுதுங்கள். "சிவனொளிபாதமலை", "சிவனொளிபாத மலை", "ஸ்ரீபாத", இவற்றை ஆங்கில எழுத்தில் தட்டியவை என்று ஒரே கேள்வி பத்து வரியாகச் சிதறிக் கிடக்கும்; குழுவாகச் சேர்க்காவிட்டால் ஒவ்வொரு வரியிலும் எண்ணிக்கை மிகச் சிறிதாக இருந்து எதையும் சொல்லாது. நான் மூன்று குழு வைத்தேன்: பஸ்ஸையும் பாதையையும் தேடுபவர்களுக்கு "வழி", ஏற எவ்வளவு நேரம் என்று தேடுபவர்களுக்கு "நேரம்", தங்க இடம் தேடுபவர்களுக்கு "அறை". ஒரு குழுவின் சராசரி நிலையைக் காண இந்தச் சூத்திரம் போதும்:

```
=SUMPRODUCT((F2:F200="வழி")*C2:C200*E2:E200)/SUMIF(F2:F200,"வழி",C2:C200)
```

E நிரலை அப்படியே `AVERAGE` போட்டுவிடாதீர்கள். ஒரு தடவை தெரிந்த தேடற்சொல்லும் ஐந்நூறு தடவை தெரிந்ததும் அப்போது சமமாகிவிடும்.

வரிகளைக் கூட்டினால் பக்கத்தின் மொத்தத்தோடு பொருந்தாது. இது உங்கள் தவறு அல்ல. மிகச் சிலர் மட்டும் தேடிய சொற்களைத் தனியுரிமைக்காகக் கூகிள் மறைத்துவிடுகிறது, அவை மொத்தத்தில் இருக்கும், பட்டியலில் இராது. தமிழில் தேடுபவர்கள் குறைவாக இருப்பதால் நம்முடைய பக்கங்களில் இந்தப் பங்கு பெரிது. கீழே நான் தரும் எண்கள் பட்டியலில் தெரிந்த வரிகளின் கூட்டு மட்டுமே. புரிவதற்காக அவற்றை முழு எண்களாக்கியிருக்கிறேன்.

6. இம்ப்ரெஷனையும் சராசரி நிலையையும் சேர்த்துப் படிப்பது

| குழு | முன்: இம்ப்ரெஷன் | நிலை | கிளிக் | பின்: இம்ப்ரெஷன் | நிலை | கிளிக் |
|---|---|---|---|---|---|---|
| வழி | 900 | 4.0 | 72 | 910 | 3.9 | 117 |
| நேரம் | 300 | 8.0 | 9 | 310 | 7.8 | 13 |
| அறை | 0 | – | 0 | 1180 | 28.0 | 5 |
| மொத்தம் | 1200 | 5.0 | 81 | 2400 | 16.3 | 135 |

கடைசி வரியை மட்டும் பார்த்தால் நான் பயந்தது நியாயம்தான். நிலை 5.0 இலிருந்து 16.3க்கு இறங்கிவிட்டது, கிளிக் விகிதம் 6.75 வீதத்திலிருந்து 5.6 வீதமாகக் குறைந்துவிட்டது. ஆனால் மேலுள்ள வரிகளில் எந்தக் குழுவும் கீழே இறங்கவில்லை. "வழி" இருந்த இடத்திலேயே இருக்கிறது, "நேரம்" ஒரு துளி மேலே ஏறியிருக்கிறது. மாறியது ஒன்றுதான்: தலைப்பில் "தங்குமிடம்" என்ற சொல் சேர்ந்ததால், அறை தேடுபவர்களுக்கும் இந்தப் பக்கத்தைக் கூகிள் காட்டத் தொடங்கியது. பெரிய விடுதித் தளங்கள் முன்னே நிற்கும் அந்தத் தேடல்களில் நம் பக்கம் 28ஆம் இடத்தில்தான் வரும். அந்த 1180 இம்ப்ரெஷனும் ஒன்றுசேர்ந்து மொத்தச் சராசரியைக் கீழே இழுத்துவிட்டன.

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழகிய இருபது பேர் எடுக்கும் மலைக்குப் புதிதாகப் பத்துப் பேரை இறக்கினால், அன்றைக்கு ஆளுக்கு எத்தனை கிலோ என்ற சராசரி விழும். பழைய இருபது பேரில் ஒருவர்கூட ஒரு கிலோ குறைத்து எடுத்திருக்க மாட்டார், மொத்தக் கொழுந்தும் கூடியே இருக்கும். சராசரி நிலை என்பது பக்கம் தெரிந்த தடவைகளின் சராசரி, ஆகவே தெரியும் இடங்கள் மாறினாலே அதுவும் மாறிவிடும்.

எனவே இம்ப்ரெஷன் கூடியும் நிலை இறங்கியும் தெரிந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி, முந்தைய காலத்திலும் இருந்த தேடற்சொற்களில் நிலை என்ன ஆனது என்பதே. அவற்றிலும் இறங்கியிருந்தால் உண்மையான பின்னடைவு. அவை அசையாமல் இருந்தால், புதியவை வந்து சேர்ந்திருக்கின்றன. நாடுகளையும் இதேபோல் பிரித்துப் பாருங்கள். ஆங்கிலச் சொல் ஒன்றைத் தலைப்பில் சேர்த்தால், இந்தியாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் தாழ்ந்த நிலையில் இம்ப்ரெஷன் வந்து இதே குழப்பத்தை உண்டாக்கும்.

தலைப்பு தன் வேலையைச் செய்ததா என்பதை "வழி" வரியில்தான் படிக்க முடியும். இம்ப்ரெஷன் ஏறக்குறைய மாறவில்லை, நிலையும் மாறவில்லை, கிளிக் விகிதம் மட்டும் 8 வீதத்திலிருந்து 12.9 வீதத்துக்கு ஏறியிருக்கிறது. ஒரே இடத்தில் தெரிந்த ஒரே பக்கத்தை முன்னைவிட அதிகமானோர் தொட்டிருக்கிறார்கள். துணைப் பக்கத்தின் இம்ப்ரெஷன் அதே காலங்களில் 1500 இலிருந்து 1540 ஆகத்தான் கூடியிருந்தது. ஆகவே தேடுபவர் கூட்டமும் பெருகவில்லை. மாறாக, நிலை 11 இலிருந்து 7க்கு ஏறி, இம்ப்ரெஷனும் கூடி, கிளிக் விகிதமும் கூடியிருந்தால், அந்தக் கிளிக் விகிதத்தைத் தலைப்பின் கவர்ச்சிக்குச் சான்றாக எடுக்க முடியாது. மேலே தெரியும் எதையும் மக்கள் அதிகம் தொடுவார்கள்.

7. தற்செயலை ஒதுக்குவது

"நேரம்" வரியில் கிளிக் 9 இலிருந்து 13 ஆனது. நாற்பது வீதத்துக்கு மேல் வளர்ச்சி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நான் பயன்படுத்தும் கைக்கணக்கு இது: இரண்டு காலத்தின் கிளிக்குகளையும் கூட்டி, அதன் வர்க்கமூலத்தை இரட்டிப்பாக்குங்கள். கிளிக்குகளின் வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருந்தால் நம்பலாம். 9 உம் 13 உம் சேர்ந்து 22, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 4.7, இரட்டிப்பு 9.4, வித்தியாசமோ 4 மட்டுமே. ஒன்றும் சொல்வதற்கில்லை. "வழி" வரியில் 72 உம் 117 உம் சேர்ந்து 189, வர்க்கமூலம் 13.7, இரட்டிப்பு 27.4, வித்தியாசம் 45. இதை நம்பலாம். இம்ப்ரெஷன் இரண்டு காலத்திலும் ஏறக்குறைய சமமாக இருக்கும்போது மட்டுமே இந்தக் கணக்குப் பொருந்தும்.

8. எண் நன்றாகத் தெரியும்போது வரும் ஏமாற்றம்

அறை தேடுபவர்களிடமிருந்து 1180 இம்ப்ரெஷனுக்கு ஐந்து கிளிக்தான் வந்தது. ஆகவே மார்ச் 31 அன்று தலைப்பிலிருந்து "தங்குமிடம்" என்ற சொல்லை எடுத்துவிட்டு, அறைகளுக்கெனத் தனிப் பக்கம் ஒன்றை எழுதினேன். ஏப்ரல் 7 முதல் மே 4 வரையான 28 நாளில் சோதனைப் பக்கத்தின் சராசரி நிலை 16.3 இலிருந்து 6.2க்கு ஏறியது. கிளிக் 135 இலிருந்து 167 ஆனது. இதைப் பார்த்த நண்பர் ஒருவர், பத்து இடம் முன்னேறிவிட்டாயே என்று பாராட்டினார்.

ஓர் இடம்கூட முன்னேறவில்லை. "வழி" 3.9 இலேயே நின்றது, "நேரம்" 7.8 இலேயே நின்றது. "அறை" இம்ப்ரெஷன் 1180 இலிருந்து 90 ஆகச் சுருங்கியதால் சராசரி தானாக மேலே வந்துவிட்டது, அவ்வளவுதான். கிளிக் கூடியதும் தலைப்பால் அல்ல. "வழி" இம்ப்ரெஷன் 910 இலிருந்து 1190 ஆகக் கூடியிருந்தது. துணைப் பக்கத்தில் 1540 இலிருந்து 2000 ஆகக் கூடியிருந்தது. இரண்டும் ஏறக்குறைய முப்பது வீதம், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின் கூட்டம். "வழி" குழுவில் 151 கிளிக், விகிதம் 12.7 வீதம், முன்பு 12.9. அதாவது, மூன்றாவது தலைப்பு "வழி" தேடுபவர்களைப் பொறுத்தவரை இரண்டாவதற்குச் சமம். நான் மூன்றாவதையே வைத்துக்கொண்டேன், ஆனால் அதற்குக் காரணம் தனிப் பக்கம்தான், இந்த எண்கள் அல்ல.

இம்ப்ரெஷன் விழுந்து நிலை ஏறினால் மகிழ்வதற்கு முன், எந்தத் தேடற்சொற்கள் பட்டியலிலிருந்து காணாமற்போயின என்று பாருங்கள். சேர்ச் கொன்சோல், பக்கம் தெரிந்த தடவைகளுக்கு மட்டுமே நிலையைப் பதிகிறது. ஒரு தேடற்சொல்லில் நீங்கள் 15ஆம் இடத்திலிருந்து 45ஆம் இடத்துக்குத் தள்ளப்பட்டால், அவ்வளவு தூரம் யாரும் போவதில்லை. இம்ப்ரெஷன் பதிவாகாது, ஆகவே அந்த 45 உம் சராசரிக்குள் வராது. தோல்வி கணக்கிலிருந்து மறைந்து, மீதமுள்ளவற்றின் சராசரி அழகாகத் தெரியும்.

இதே வடிவம் உங்கள் தலைப்போடு சம்பந்தமில்லாமலும் வரலாம். 2025 செப்டெம்பரில், ஒரே பக்கத்தில் நூறு முடிவுகளைக் கேட்க உதவிய `num=100` என்ற முகவரிக் குறிப்பைக் கூகிள் ஏற்பதை நிறுத்தியது. தரவரிசையைக் கண்காணிக்கும் மென்பொருள்கள் அதைப் பயன்படுத்தி 60ஆம், 80ஆம் இடத்திலிருந்த பக்கங்களுக்கும் இம்ப்ரெஷன் சேர்த்து வந்தன. அவை நின்றதும் பல தளங்களில், குறிப்பாகக் கணினித் தேடலில், இம்ப்ரெஷன் சரிந்து சராசரி நிலை உயர்ந்தது. அந்த மாதத்தின் இரு பக்கமும் விழும் ஒப்பீட்டைச் செய்ய நேர்ந்தால், `Devices` வடிகட்டியில் கைத்தொலைபேசியை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

9. அடுத்த சோதனைக்கு நாள் குறிப்பது

மூன்றாவது காலம் மே 4 அன்று முடிந்தது. அடுத்த தலைப்பை உடனே போட்டிருந்தால் மே 12 வெசாக் போயாவோடு யாத்திரைக் காலம் முடிந்து, பிந்தைய 28 நாளில் இம்ப்ரெஷன் எப்படியும் சரிந்திருக்கும். துணைப் பக்கத்தை வைத்து எவ்வளவு திருத்தினாலும் மிச்சமிருக்கும் கிளிக்குகள் ஏழாம் படியின் கணக்குக்குப் போதாது. ஆகவே மலைப் பக்கத்தை டிசம்பர் உந்துவப் போயாவுக்குப் பின் மூன்று வாரம் கழியும்வரை தொடுவதில்லை என்று கொப்பியில் எழுதி, அந்த இடைவெளியில் எல்ல ரயில் பக்கத்தின் தலைப்பை எடுத்துக்கொண்டேன். அதற்குத் துணைப் பக்கமாக ஹப்புத்தளை பற்றியதை வைத்திருக்கிறேன்.